எடை சரி, தொப்பை மட்டும் சரியில்லை: குறைப்பதா, ஏற்றுவதா, அப்படியே வைத்திருப்பதா?

என் உயரம் 171 சென்டிமீட்டர். எடைப் பயிற்சியைத் தொடங்கிய 28ஆம் வயதில் என் எடை 67 கிலோவாகவும், தொப்புள் மட்டத்தில் வயிற்றின் சுற்றளவு 90 சென்டிமீட்டராகவும் இருந்தன. பி.எம்.ஐ. கணக்குப் போட்டால் 22.9 வரும். இந்தியர்களுக்கான அளவுகோலில் 23ஐத் தொட்டால்தான் அதிக எடை என்பதால், காகிதத்தில் நான் சரியான எடை கொண்டவன். கண்ணாடியோ வேறு கதை சொன்னது. சட்டை தோளில் தொங்கும், வயிற்றில் பொத்தான் இழுக்கும். மேல்கை மெலிந்திருக்கும், மார்பு தட்டையாகவும் தளர்ந்தும் இருக்கும். இத்தகைய உடலைத்தான் ஜிம்முக்குச் செல்பவர்கள் ‘ஸ்கின்னி ஃபேட்’ என்கிறார்கள்.

இந்த உடலோடு ஒரு ஜிம்முக்குள் நுழைபவருக்கு முதல் நாளிலேயே ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு ஆலோசனைகள் கிடைத்துவிடும். வயிற்றைப் பார்க்கிற பயிற்சியாளர், “முதலில் கட்டிங் பண்ணுங்க சார், தொப்பை போகட்டும், அப்புறம் உடம்பை ஏத்திக்கலாம்” என்று சொல்லி, ஓடும் பட்டையில் நாற்பது நிமிடங்களும் நூறு கிரஞ்சுகளும் எழுதித் தருவார். கையைப் பார்க்கிறவர், “பல்க் பண்ணுங்க ப்ரோ, சதை இல்லாம எதைக் குறைக்கிறது” என்று சொல்லி எடை கூட்டும் மாஸ் கெய்னர் பொடி டப்பாவை எடுத்துக் காட்டுவார். இருவரும் உடலின் ஒரு பாதியைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள் என்பதால்தான் எதைக் கேட்பது என்று முடிவெடுப்பது கடினமாகிறது. நான் மெயின்டனன்ஸ் எனப்படும் மூன்றாவது வழியில் தொடங்கினேன்: எடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அதே எடையில் நிற்கும் அளவுக்குச் சாப்பிட்டுக்கொண்டு, பளு தூக்கும் பயிற்சியையும் புரதத்தையும் மட்டும் மாற்றினேன். அது ஏன் வேலை செய்தது, எங்கே நின்றுபோனது, பிறகு எப்படி முடிவை மாற்றினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர்க்காரர்களிடம் இந்த உடல்வாகு அதிகம் என்பதற்கு மருத்துவ உலகில் புகழ்பெற்ற ஒரு சான்று உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் 2004ஆம் ஆண்டில் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையும் போட்டு ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஆகவே எடைக்கருவியின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு குறைப்பதா, கூட்டுவதா என்று முடிவெடுக்க முடியாது. வயிற்றுச் சுற்றளவும் பக்கத்தில் இருக்க வேண்டும். உயரத்தில் பாதிக்கு மேல் வயிறு போகக்கூடாது என்பது எளிய வரம்பு. என் உயரத்துக்கு அது 85.5 சென்டிமீட்டர், என் வயிறு அதைத் தாண்டி நாலரை சென்டிமீட்டர் இருந்தது. இந்திய ஆண்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 90, பெண்களுக்கு 80. நான் சரியாக எல்லைக்கோட்டில் நின்றேன்.

முதலில் கட்டிங் ஏன் வேண்டாம் என்று நினைத்தேன் என்றால், குறைப்பதற்கு என்னிடம் இருந்தது மிகவும் கொஞ்சம். 67 கிலோவிலிருந்து 60க்கு இறங்கினால் தொப்பை சிறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பயிற்சியும் புரதமும் இல்லாமல் இறக்கப்படும் எடையில் கால் பங்கு வரை கொழுப்பல்லாத திசுவாகப் போய்விடலாம். அப்படி 60 கிலோவுக்கு வந்து நிற்பவருக்குத் தோளும் கையும் இன்னும் மெலிந்திருக்கும். அடிவயிற்றில் மிச்சக் கொழுப்பு அப்படியே இருக்கும். ‘இன்னும் ஒரு மூன்று கிலோ’ என்று அவர் மேலும் பட்டினி கிடப்பதை எந்த ஜிம்மிலும் பார்க்கலாம். பல்க்கிங்கிலோ சிக்கல் வேறு மாதிரியானது. புதிதாகப் பளு தூக்குபவருக்குத் தசை வளரும் வேகத்தைப் பெரும்பாலும் பயிற்சியும் புரதமும் தூக்கமும்தான் தீர்மானிக்கின்றன. ஏற்கெனவே வயிற்றில் போதிய சேமிப்பு இருக்கும்போது கூடுதல் கலோரி அந்த வேகத்தைப் பெரிதாகக் கூட்டிவிடுவதில்லை. நாளொன்றுக்கு 500 கலோரி உபரியாகச் சாப்பிட்டால் மாதத்துக்கு 15,000 கலோரி சேரும். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி என்பதால் எடை இரண்டு கிலோ அளவுக்கு ஏறும். நன்றாகப் பயிற்சி செய்யும் புதியவருக்குக்கூட அதில் தசையாக மாறுவது ஒரு கிலோவைத் தாண்டுவது அரிது. மீதி போய்ச் சேரும் இடம் நமக்குத் தெரிந்ததே.

‘அதே எடையில் நின்றால் உடல் எப்படி மாறும்?’ என்பதுதான் மெயின்டனன்ஸ் பற்றி எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு விடை ஒரு கணக்கில் இருக்கிறது. ஒரு கிலோ கொழுப்பில் 7,700 கலோரி சேமிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கிலோ தசையில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக நீர்தான் என்பதால் அதில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 1,800 கலோரியே. இரண்டு கிலோ கொழுப்பு போய் இரண்டு கிலோ தசை வந்தால், எடைக்கருவி ஒரு கிராம்கூட நகராது. ஆனால் உடலின் ஆற்றல் கணக்கில் 15,400 போய் 3,600 வந்திருக்கிறது. வித்தியாசமான 11,800 கலோரியை நான்கு மாதங்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி. அதாவது எடை நிலையாக இருக்கும்போதே, நமக்குத் தெரியாமல், மிகச் சிறிய ஒரு பற்றாக்குறையில் நாம் ஓடிக்கொண்டிருக்கிறோம். தசை கட்டத் தேவைப்படும் ஆற்றலை வயிற்றிலிருக்கும் சேமிப்பு கொடுக்கிறது. பயிற்சியே செய்திராத உடலும் எடுத்துச் செலவழிக்கக் கொழுப்பும் சேர்ந்து இருப்பவருக்கு மட்டுமே இது எளிதாக நடக்கும். பல ஆண்டுகள் பயிற்சி செய்த, ஒல்லியான ஒருவருக்கு இதே வழியைச் சொன்னால் ஓராண்டு கழித்தும் அதே உடலோடுதான் நிற்பார்.

முதல் வேலை, என் மெயின்டனன்ஸ் அளவு எது என்று கண்டுபிடிப்பது. மிஃப்லின் சூத்திரத்தின்படி ஆண்களுக்கு எடையைப் பத்தாலும், உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, ஐந்தைச் சேர்த்தால் ஓய்வில் செலவாகும் கலோரி வரும். எனக்கு அது 1,604. நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்து, வாரத்தில் மூன்று நாள் பயிற்சி செய்பவர் என்பதால் 1.4ஆல் பெருக்கினேன், 2,245 வந்தது. இது ஒரு தொடக்கப்புள்ளி மட்டுமே, இருநூறு முந்நூறு கலோரி இப்படியோ அப்படியோ தவறலாம். சரிபார்க்கும் கருவி வீட்டு எடைக்கருவிதான். தினமும் காலையில், கழிப்பறைக்குச் சென்று வந்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன் எடை பார்த்து எழுதி, வார சராசரியை மட்டும் கணக்கில் கொண்டேன். உண்பதை இரண்டு வாரங்களுக்குக் குறித்துக்கொண்டு, இரு வாரச் சராசரிகளுக்கிடையே 300 கிராமுக்குள் வித்தியாசம் இருந்தால், குறிப்பில் உள்ள எண்தான் நம் மெயின்டனன்ஸ். நான் எழுதிய கணக்கில் அது 2,150 என்று வந்தது. வீட்டுச் சாப்பாட்டைத் துல்லியமாக எழுத யாராலும் முடியாது. ஆனால் தினமும் ஒரே மாதிரியாகக் குறைத்து எழுதினால், அந்தப் பிழையும் எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடும். எடை நகராத வரை உண்மையான எண் 2,150ஆ 2,300ஆ என்பது பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

நம் சமையலில் கணக்குக்கு அகப்படாமல் நழுவுவது எண்ணெய். தாளிப்பில் எவ்வளவு, பொரியலில் எவ்வளவு என்று அம்மாவைக் கேட்டால் ‘கொஞ்சம்தான்’ என்ற பதில்தான் வரும், அதுவும் உண்மையாகவே சொல்லப்படுவதுதான். நான் மளிகைக் கணக்கைப் பார்த்தேன். நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் மாதத்துக்கு மூன்று லிட்டர் எண்ணெய் வாங்கினோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 மில்லி. கலோரியில் ஏறத்தாழ 200. அந்த 200ஐ தினமும் மொத்தமாகச் சேர்த்து எழுதிவிட்டால், ஒவ்வொரு கரண்டியையும் அளந்து வீட்டில் உள்ளவர்களைச் சங்கடப்படுத்த வேண்டிய அவசியமில்லை.

அடுத்தது புரதம். உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் தசை வளர்ச்சிக்கு உதவுகிறது, அதற்கு மேல் பலன் அதிகம் கூடுவதில்லை என்று 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். எனக்கு அது 107 கிராம். நான் வழக்கமாகச் சாப்பிட்டதைக் கூட்டியபோது 45 கிராம்கூடத் தேறவில்லை: காலையில் நான்கு இட்லி, சட்னி, மதியம் மூன்று முறை போட்டுக்கொள்ளும் சாதம், சாம்பார், ரசம், பொரியல், மோர், மாலையில் டீயோடு பஜ்ஜியோ பிஸ்கட்டோ, இரவில் தோசை. நல்ல சாப்பாடுதான், ஆனால் கலோரியில் பெரும்பகுதி அரிசியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வந்தது. மொத்த கலோரியைக் கூட்டாமல் புரதத்தை இரு மடங்குக்கு மேல் ஆக்க வேண்டும் என்றால், ஒன்றை எடுத்துவிட்டுத்தான் இன்னொன்றை வைக்க முடியும். காலையில் மூன்று இட்லி, சாம்பார், மூன்று முட்டை என்று மாற்றியதில் 27 கிராம் வந்தது. மதியம் வேகவைத்த சாதம் 200 கிராம், கெட்டியான பருப்பு அல்லது சாம்பார், நூறு கிராமுக்குச் சற்று மேல் கோழியோ மீனோ, ஒரு கிண்ணம் தயிர் என்று வைத்ததில் 44 கிராம். மாலையில் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு தம்ளர் பாலும், அதில் 14. இரவில் இரண்டு சப்பாத்தியோடு இரண்டு முட்டைப் பொரியல் அல்லது 75 கிராம் பன்னீர், அதில் 18. ஆக 103, தேவைக்கு மிக அருகில். கலோரி அதே 2,150இல் நின்றது.

சைவம் மட்டும் சாப்பிடும் நாட்களில் கோழியின் இடத்தில் 50 கிராம் உலர்ந்த சோயா மீல்மேக்கரை வைத்தால் 26 கிராம் புரதம் கிடைக்கும். விலைக்கு இவ்வளவு புரதம் தரும் வேறொரு பொருளை மளிகைக் கடையில் நான் பார்த்ததில்லை. வே புரதப் பொடி ஒரு வசதி, அவ்வளவுதான். பயண நாட்களில் ஓர் அளவுக் கரண்டி எனக்குப் பயன்பட்டது. மாஸ் கெய்னர் என்ற டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதியிருக்கும் பட்டியலை வாசித்தால், முதல் பொருள் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தாகத்தான் இருக்கும். தொப்பையோடு தொடங்குபவருக்கு அதில் எந்த வேலையும் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தை உயர்த்துமுன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பவர்கள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் ரத்தக் கொழுப்பையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அந்த எண்கள் எல்லை தாண்டியிருந்தால் வயிற்றைக் குறைப்பதே முதல் வேலையாகிவிடும், அப்போது நான் சொல்லும் வரிசை பொருந்தாது.

பயிற்சியைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, ஏனெனில் அது எளிமையானது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடலுக்கும். ஒரு நாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோ. அடுத்த நாள் ருமேனியன் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், லாட் புல்டவுன். இவ்விரண்டையும் மாறி மாறி. ஒவ்வொன்றிலும் மூன்று செட், ஒரு செட்டில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை. மூன்று செட்டிலும் பன்னிரண்டை எட்டிவிட்டால் அடுத்த முறை இரண்டரை கிலோ கூட்ட வேண்டும். செட் முடியும்போது இன்னும் இரண்டு முறைதான் தூக்க முடியும் என்ற நிலையில் இருக்க வேண்டும். பேசிச் சிரித்தபடி முடிக்கிற செட் கணக்கில் சேராது. ஒரு சிறு நோட்டில் ஒவ்வொரு செட்டையும் எழுதினேன். வெறும் தண்டான 20 கிலோவில் தொடங்கிய ஸ்குவாட் நான்கு மாதத்தில் 65 கிலோவை எட்டு முறை தூக்கும் நிலைக்கு வந்தது. பெஞ்ச் பிரஸ் 25இலிருந்து 45க்கு. கிரஞ்சுகளை நான் செய்யவே இல்லை. வயிற்றுத் தசையைப் பயிற்றுவதால் அதன் மேலிருக்கும் கொழுப்பு கரையாது என்பதை ஜிம்மில் சொல்லிப் பார்த்தேன். பயிற்சியாளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மெயின்டனன்ஸில் இருப்பவருக்கு உண்மையான சோதனை பொறுமையில் வருகிறது, ஏனென்றால் வழக்கமான அடையாளமான எடை இங்கே எதுவும் சொல்லாது. முதல் சில வாரங்களில் என் எடை ஒரு கிலோ அளவுக்கு ஏறியது. புதிய பயிற்சியால் தசைகளில் நீரும், கிளைகோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்தும் கூடுவதால் இப்படி நடக்கும். கிரியேட்டின் எடுத்துக்கொள்பவருக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவே ஏறும். இதைக் கொழுப்பு என்று நினைத்துச் சாப்பாட்டைக் குறைப்பவர்கள் பலர். அதேபோல ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு இரண்டு நாளில் ஒன்றரை கிலோ ஏறியதும் உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த நீர்தான், வாரக் கடைசியில் இறங்கிவிட்டது. ஜிம்மில் இருந்த, கால் வைத்து நின்று கைப்பிடியைப் பிடிக்கும் கொழுப்பு அளவுக் கருவி ஒரு மாலையில் 27 சதவீதம் என்றும் சில நாள் கழித்து ஒரு காலையில் 24 சதவீதம் என்றும் காட்டியது. அது மின்னோட்டத்தை வைத்து உடல் நீரைக் கணித்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கும் கருவி. தண்ணீர் குடித்தாலே எண் மாறும். அதைப் பார்த்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது.

நான் நம்பியது இரண்டை மட்டுமே: தையல்காரர் அளவு நாடாவும் பயிற்சி நோட்டும். வாரம் ஒருமுறை, காலையில், தொப்புள் மட்டத்தில், இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தேன். நாடா முதுகுப் பக்கம் சரிந்திருந்தால் இரண்டு சென்டிமீட்டர் வரை பொய் சொல்லும் என்பதால் கண்ணாடி முன் நின்று அளப்பது நல்லது. எடை நிலையாக இருந்து, நாடா மெதுவாக இறங்கி, நோட்டில் கிலோ ஏறினால் கொழுப்பு போய் அதற்கு ஈடாகத் தசை வருகிறது என்று பொருள் கொள்ளலாம். எதையும் மாற்ற வேண்டாம். எடையும் நாடாவும் அசையாமல் நோட்டும் தேங்கிவிட்டால், கலோரியைக் குறை சொல்வதற்கு முன் பயிற்சியின் கடுமையையும் புரதத்தையும் தூக்கத்தையும் பார்க்க வேண்டும். எடையும் நாடாவும் சேர்ந்து ஏறினால், மெயின்டனன்ஸ் என்று நாம் நினைப்பது உபரியாகிவிட்டது. இதில் ஒரு எச்சரிக்கை: முதல் மாதத்தில் நோட்டில் தெரியும் வேகமான ஏற்றத்தில் பெரும்பகுதி நரம்புகள் அந்த அசைவைக் கற்றுக்கொண்டதால் வருவது. ஆகவே தசை வளர்கிறதா என்று கேட்பதற்கு இரண்டாம் மாதத்துக்குப் பிறகு ஏறும் கிலோவைத்தான் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியோடு எடையும் வயிறும் ஏறி இறங்கும் என்பதால், ஒரு வாரத்தை அடுத்த வாரத்தோடு ஒப்பிடாமல் சென்ற சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

நான்கு மாதத்தின் முடிவில் என் எடை 66.4 கிலோ, வயிறு 87. சட்டை தோளில் நிரம்பியிருந்தது. அதுவரை மாதம் முக்கால் சென்டிமீட்டர் என்ற கணக்கில் இறங்கிக்கொண்டிருந்த நாடா அதற்குப் பிறகு அசையவில்லை. நோட்டில் ஏற்றம் மட்டும் மெதுவாகத் தொடர்ந்தது. இதுதான் முடிவை மாற்ற வேண்டிய இடம். வயிறு இன்னும் 85.5க்கு மேல் இருந்ததால், அடுத்து உபரிக்குப் போகாமல் சிறிய பற்றாக்குறையைத் தேர்ந்தெடுத்தேன். நாளொன்றுக்கு 300 கலோரி மட்டும் குறைத்தேன்: மதியச் சாதத்தில் பாதி, மாலைப் பாலில் சர்க்கரை, இரவில் ஒரு சப்பாத்தி. புரதத்தையும் பயிற்சியையும் தொடவில்லை. பத்து வாரத்துக்கு 21,000 கலோரி என்றால் கணக்குப்படி 2.7 கிலோ இறங்க வேண்டும். ஏறத்தாழ அப்படியே இறங்கி 63.6இல் நின்றது. வயிறு 83. ஸ்குவாட்டில் கிலோ குறையவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது, ஏனெனில் பற்றாக்குறையில் தூக்கும் பளு தொடர்ந்து சரிந்தால் தசையும் சேர்ந்து போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இதே கட்டிங்கை முதல் நாளிலேயே தொடங்கியிருந்தால், எதைக் காப்பாற்ற வேண்டும் என்று காட்ட என் நோட்டில் ஒரு வரிகூட இருந்திருக்காது.

எல்லோருக்கும் மெயின்டனன்ஸ்தான் முதல் படி என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. என்னோடு பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, கல்லூரியை அப்போதுதான் முடித்தவன், 174 சென்டிமீட்டர் உயரம், 56 கிலோ. உட்காரும்போது வயிற்றில் ஒரு மடிப்பு விழுகிறது என்பதற்காகத் தன்னையும் ஸ்கின்னி ஃபேட் என்று சொல்லிக்கொண்டு இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டான். “அண்ணே, முதலில் இதைக் குறைச்சிடறேன்” என்றான். நாடாவை வைத்து அளந்தால் 79. உயரத்தில் பாதிக்கு எட்டு சென்டிமீட்டர் குறைவு. பி.எம்.ஐ. 18.5, அதாவது குறைந்த எடையின் வாசலில் நின்றான். அவனிடம் தசைக்கு இடம் விட்டுக் குறையக் கொழுப்பே இல்லை. தளர்ந்த வயிறாகத் தெரிந்தது தசையில்லாத வயிறுதான். அவனுக்கு முதல் நாளிலிருந்தே 250 கலோரி உபரி தேவைப்பட்டது: இரவுச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்து, ஒரு பிடி வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும் சேர்த்ததே அதற்குப் போதும். இன்னொரு நண்பர் 168 சென்டிமீட்டர், 76 கிலோ, வயிறு 98. கையும் காலும் மெலிந்திருந்ததால் அவரும் தன்னை இந்த வகையில் சேர்த்துக்கொண்டார். பி.எம்.ஐ. 27ஐ நெருங்கிய அவர் மெயின்டனன்ஸில் காத்திருக்கக் காரணமே இல்லை. முதல் நாளிலிருந்தே நாளொன்றுக்கு 400 முதல் 500 கலோரி குறைத்துக்கொண்டு பளு தூக்கினாலும் புதியவர் என்பதால் தசை கூடும். 2016இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதிக எடை கொண்ட இளைஞர்களுக்குக் கலோரியை 40 சதவீதம் குறைத்து, கிலோவுக்கு 2.4 கிராம் புரதமும் கடும் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தபோது, நான்கே வாரத்தில் கொழுப்பு 4.8 கிலோ குறைந்து, கொழுப்பல்லாத எடை 1.2 கிலோ கூடியது. அது கண்காணிப்பில் நடந்த, உணவையும் ஆய்வாளர்களே கொடுத்த ஆய்வு. வீட்டில் அந்த அளவுக்குக் குறைத்தால் மூன்றாம் வாரத்தில் பரோட்டாக் கடைதான் மிச்சம்.

ஆக, வயிறு உயரத்தில் பாதிக்கு ஓரிரண்டு சென்டிமீட்டர் முன்பின்னாகவோ, என்னைப்போல நாலைந்து சென்டிமீட்டர் மேலேயோ இருந்து, பி.எம்.ஐ. 20க்கும் 23க்கும் இடையில் இருப்பவருக்கே மெயின்டனன்ஸ் முதல் படியாகப் பொருந்துகிறது. அதுவும் பயிற்சி செய்யாதவராக இருந்தால் மட்டும். ஓராண்டாக ஜிம்முக்குச் செல்கிறேன் என்று சொல்பவரிடம் நோட்டைக் கேட்டுப் பாருங்கள். நோட்டே இல்லை என்றால், அல்லது எல்லா மாதமும் அதே டம்பெல்லைத்தான் தூக்கினார் என்றால், உடலைப் பொறுத்தவரை அவர் இன்னும் புதியவர்தான்.

கட்டிங்கை முடித்த பிறகு நேரடியாக உபரிக்குத் தாவாமல், இரண்டு மூன்று வாரங்கள் புதிய மெயின்டனன்ஸில் நின்றேன். எடை குறைந்ததால் அது 2,100 என்று வந்தது. சாதத்தைத் திரும்பக் கூட்டியதும் சில நாளிலேயே 800 கிராம் ஏறியது; தசைகளில் கிளைகோஜனும் நீரும் திரும்புவதுதான் அது, நாடா 83இலேயே இருந்தது. அதன் பிறகு நாளொன்றுக்கு 200 கலோரி மட்டும் சேர்த்துக்கொண்டு, மாதத்துக்கு அரை கிலோ ஏறினால் போதும் என்று வைத்திருக்கிறேன். ஒரே மாதத்தில் ஒரு கிலோவைத் தாண்டினால் மாலைச் சிற்றுண்டியை எடுத்துவிடுகிறேன். இரண்டு மாதம் சேர்ந்தாற்போல எடை நகராவிட்டால் இன்னும் ஒரு தோசை சேர்க்கிறேன். நாடாவுக்கு நான் வைத்திருக்கும் எல்லை 86. அது வந்த வாரத்தில் எடை எவ்வளவு இருந்தாலும் உபரி நின்றுவிடும், 300 கலோரி குறைக்கும் கட்டம் திரும்பத் தொடங்கும்.